ஆண்ட்ரோமேடாவின் தூரத்துக்கு எந்த விண்மீனை நம்புவது: செபீடா, ஆர்.ஆர். லைரேயா, மீராவா?

குப்பத்திலும், எல்லைக்கு அந்தப்புறம் நாட்றம்பள்ளி, வாணியம்பாடியிலும் இருக்கும் ஆசிரியர்களும் கல்லூரி மாணவர்களும் சேர்ந்து நடத்தும் எங்கள் வானியல் குழு, ஆண்ட்ரோமேடா கேலக்ஸியின் தூரத்தைத் தானே கணக்கிட்டுப் பார்ப்பது என்று தீர்மானித்திருக்கிறது. புத்தகத்தில் அச்சான விடையைப் படித்துவிட்டுப் போவதில் யாருக்கும் விருப்பமில்லை. அதற்கு, சீராகத் துடித்து ஒளி கூடிக் குறையும் விண்மீன்களில் எந்த வகையை அளவுகோலாகக் கொள்வது என்பதில்தான் கருத்து வேறுபாடு. செபீடு வேண்டும் என்கிறார்கள் சிலர். ஆர்.ஆர். லைரே வகைதான் எளிது என்கிறார்கள் வேறு சிலர். அண்மைக்கால ஆய்வுகளைப் படிக்கும் மாணவர்களுக்கு மீரா வகை மீது ஆசை. என் வாக்கு செபீடுக்கு. ஆனால் செபீடை மட்டும் நம்பி ஒரு தலைமுறை வானியலாளர்கள் எப்படி ஏமாந்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே ஆர்.ஆர். லைரேயைச் சாட்சியாக வைத்துக்கொள்ளாமல் செபீடின் விடையை ஏற்கக் கூடாது என்பதும் என் நிபந்தனை. அதற்கான காரணங்களை இங்கே எழுதுகிறேன்.

மூன்றுக்கும் பொதுவான அடிப்படை ஒன்றுதான். ஒரு விண்மீன் உண்மையில் எவ்வளவு ஒளியைக் கொட்டுகிறது என்பது தெரிந்தால், நமக்கு அது எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதை வைத்துத் தூரத்தைச் சொல்லிவிடலாம். தூரம் இரு மடங்கானால் ஒளி நான்கில் ஒன்றாகும். பத்து மடங்கானால் நூறில் ஒன்றாகும். வானியலாளர்கள் ஒளியை ஒளித்தரம் என்ற எண்ணால் குறிக்கிறார்கள். எண் கூடக்கூட விண்மீன் மங்கல். ஐந்து தரம் கூடினால் ஒளி நூறில் ஒன்றாகிவிட்டது என்று பொருள். அதாவது அதே விண்மீன் பத்து மடங்கு தள்ளிப் போயிருக்கிறது. இந்த ஒரு கணக்கு கையில் இருந்தால் போதும், இந்தக் கட்டுரையின் எண்கள் எல்லாம் வசப்படும்.

சிக்கல், விண்மீனின் உண்மை ஒளியை அறிவதில்தான் இருக்கிறது. அங்கேதான் துடிப்பு உதவிக்கு வருகிறது. செபீடு போன்ற விண்மீன்களின் மேற்பரப்புக்குக் கீழே ஹீலியம் அடுக்கு ஒன்று உண்டு. விண்மீன் சற்றே சுருங்கும்போது அந்த அடுக்கு சூடாகி, ஹீலியம் அணுக்கள் மிச்சமிருக்கும் எலக்ட்ரானையும் இழக்கின்றன. அப்போது அடுக்கு ஒளிபுகாத தன்மையை அடைந்து, உள்ளிருந்து வரும் ஆற்றலைத் தடுத்துச் சேர்த்துவைக்கிறது. சேர்ந்த ஆற்றல் விண்மீனை வெளியே தள்ளி உப்ப வைக்கிறது. உப்பியதும் அடுக்கு குளிர்ந்து, எலக்ட்ரான்கள் மீண்டும் அணுவோடு சேர்ந்து, தடுத்த ஆற்றல் வெளியேறிவிடுகிறது. தாங்கும் அழுத்தம் குறைய, ஈர்ப்பு விசை மறுபடி சுருக்குகிறது. இந்தச் சுற்று ஒரு முறை முடிய ஆகும் நேரமே துடிப்புக் காலம். அதிக ஒளி வீசும் செபீடு பெரிதாகவும் அடர்த்தி குறைந்தும் இருப்பதால் மெதுவாகத் துடிக்கிறது. தூரம் எத்தனை ஆனாலும் துடிப்புக் காலம் மாறாது; தூசி மறைத்தாலும் மாறாது. எனவே கடிகாரத்தைப் பார்த்தே உண்மை ஒளியைச் சொல்லிவிட முடிகிறது.

இதை முதலில் கண்டவர் ஹார்வர்டு வானாய்வகத்தில் பணியாற்றிய ஹென்ரியேட்டா லெவிட். நம் பால்வெளிக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு கேலக்ஸியான சிறிய மகெல்லன் மேகத்தில் இருந்த 25 மாறும் விண்மீன்களை 1912இல் வரிசைப்படுத்தியபோது, காலம் நீண்டவை ஒளி மிகுந்தவையாக ஒரே கோட்டில் அமைந்தன. அவை எல்லாம் ஒரே மேகத்தில் இருப்பதால் நமக்கு ஏறத்தாழ ஒரே தூரத்தில் இருக்கின்றன. ஆகவே தோற்றத்தில் கண்ட ஒளி வேறுபாடு உண்மையான வேறுபாடுதான். இந்தத் தர்க்கத்தை மாணவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும், ஏனெனில் நாம் செய்யப்போகும் கணக்கும் இதே தர்க்கத்தில்தான் நிற்கிறது.

செபீடு: கணக்கு எப்படிப் போகும்

செபீடின் துடிப்புக் காலம் ஒரு நாளிலிருந்து நூறு நாள் வரை இருக்கலாம். பத்து நாள் செபீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். பெரிய மகெல்லன் மேகத்தில் இருக்கும் ஆயிரக்கணக்கான செபீடுகளை போலந்தின் வார்சா பல்கலைக்கழகத்தின் ஓகில் திட்டம், சிலியில் வைத்திருக்கும் 1.3 மீட்டர் தொலைநோக்கியால் பல ஆண்டுகளாக அளந்து, பட்டியலை எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலின்படி பத்து நாள் செபீடு காட்சி ஒளியில் (V) சராசரியாக 14.7ஆம் தரத்திலும், அண்மை அகச்சிவப்பில் (I) 13.9ஆம் தரத்திலும் தெரிகிறது.

இரண்டு நிறங்களில் ஏன் அளக்க வேண்டும்? வழியில் இருக்கும் விண்வெளித் தூசிக்காகத்தான். தூசி ஒளியைக் குறைப்பதோடு நிற்பதில்லை. நீலத்தை அதிகமாகவும் சிவப்பைக் குறைவாகவும் விழுங்குகிறது. எனவே ஒரு விண்மீன் எவ்வளவு சிவந்திருக்கிறது என்பதிலிருந்து எவ்வளவு ஒளியைத் தூசி தின்றது என்று கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளலாம். அந்தத் திருத்தத்தை ஒரே வரியில் அடக்கிய சூத்திரம் இது:

```
W = I − 1.55 × (V − I)
```

நம் எண்களை இதில் போட்டால், V − I என்பது 0.8 அளவில் வரும். அதை 1.55ஆல் பெருக்கி 13.9இலிருந்து கழித்தால், தசமங்களை முழுதாக வைத்துக் கணக்கிடும்போது W ஏறத்தாழ 12.6 ஆகும். இது தூசியின் தடம் நீங்கிய ஒளித்தரம். ஆண்ட்ரோமேடாவில் இருக்கும் பத்து நாள் செபீடுக்கு இதே கணக்கைச் செய்தால் W ஏறத்தாழ 18.5 என்று வரும். இரண்டுக்கும் வேறுபாடு 5.9 தரம். ஐந்து தரம் பத்து மடங்கு தூரம் என்பதால், 5.9 தரம் சுமார் 15 மடங்கு தூரம்.

இப்போது பெரிய மகெல்லன் மேகத்தின் தூரம் தெரிந்தால் வேலை முடிந்தது. அது துடிக்கும் விண்மீனை நம்பாத வேறொரு வழியில் அளக்கப்பட்டிருக்கிறது. ஒன்றையொன்று மறைத்துச் சுற்றும் இரட்டை விண்மீன்களில், மறைக்கும் நேரத்திலிருந்தும் சுற்றும் வேகத்திலிருந்தும் விண்மீனின் உண்மை விட்டத்தை அறியலாம். நிறத்திலிருந்து மேற்பரப்பு எவ்வளவு பிரகாசம் என்று அறியலாம். இவை இரண்டும் சேர்ந்தால் தூரம் கிடைத்துவிடும். இப்படி 20 இரட்டைகளை வைத்து 2019இல் வெளியான முடிவு 49,590 பார்செக், அதாவது சுமார் 1,62,000 ஒளியாண்டு. பிழை ஒரு சதவீத அளவுதான். இதை 15ஆல் பெருக்கினால் ஆண்ட்ரோமேடா சுமார் 24.3 லட்சம் ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. ஹப்பிள் தொலைநோக்கியின் அகச்சிவப்பு அளவீடுகளைக் கொண்டு செபீடுகளை ஆராய்ந்து 2021இல் கிடைத்த விடை 24.8 லட்சம். பள்ளிக் கணக்குக்கு இந்த நெருக்கம் போதுமானது. மிச்ச வேறுபாடு நான் எண்களை முழுமைப்படுத்தியதால் வந்தது.

செபீடின் பெரிய பலம் ஒளி. சூரியனைப் போல் ஆயிரம், பத்தாயிரம் மடங்கு ஒளி வீசுவதால் ஹப்பிள் தொலைநோக்கியால் பத்துக் கோடி ஒளியாண்டு தாண்டிய கேலக்ஸிகளிலும் அவற்றைப் பார்க்க முடிகிறது. வேறு எந்தத் துடிக்கும் விண்மீனும் காட்சி ஒளியில் இவ்வளவு தூரம் எட்டாது.

பலவீனங்களில் இரண்டைச் சொல்ல வேண்டும். செபீடு இளம் விண்மீன். புதிதாக விண்மீன் பிறக்கும் சுருள் கேலக்ஸிகளிலும் ஒழுங்கற்ற கேலக்ஸிகளிலும்தான் கிடைக்கும். பழைய விண்மீன்கள் மட்டுமே நிறைந்த நீள்வட்ட கேலக்ஸியில் தேடினால் ஏமாற்றமே. ஆண்ட்ரோமேடா சுருள் கேலக்ஸி என்பதால் நமக்கு இந்தத் தடை இல்லை. இரண்டாவது, நெரிசல். இளம் விண்மீன்கள் கூட்டமாக இருக்கும் சுருள் கைகளில்தான் செபீடுகளும் இருக்கின்றன. தொலைவு கூடும்போது பக்கத்து விண்மீன்களின் ஒளி செபீடோடு கலந்து ஒரே புள்ளியாகத் தெரியும். செபீடு உண்மையைவிடப் பிரகாசமாகத் தோன்றும். தூரம் உண்மையைவிடக் குறைவாக வரும். கலந்துவிட்டது என்பதை எப்படிக் கண்டுகொள்வது? துடிப்பின் வீச்சைப் பார்க்க வேண்டும். பக்கத்து விண்மீன் துடிக்காது. அதன் ஒளி நிலையாகச் சேர்ந்து நிற்கும். எனவே கலப்படமான செபீடின் ஏற்ற இறக்கம், அதே காலம் கொண்ட மற்ற செபீடுகளைவிடச் சிறுத்துவிடும். இப்படிச் சிறுத்தவற்றைக் கணக்கிலிருந்து நீக்கிவிடலாம். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி கூர்மையான அகச்சிவப்புப் படங்கள் எடுக்கத் தொடங்கியபின், தொலைதூரச் செபீடுகளில் ஹப்பிள் தொலைநோக்கி செய்த நெரிசல் திருத்தங்கள் சரியாகவே இருந்தன என்று தெரிந்தது.

போலிச் செபீடும் பாடேயின் இரவுகளும்

இனி நான் சொல்லப்போவதுதான் இந்த ஒப்பீட்டின் மையம். மாணவர் ஒருவர் கேட்டார்: “சார், செபீடே பத்துக் கோடி ஒளியாண்டு போகும் என்றால், ஆர்.ஆர். லைரே எதற்கு?” அவருக்கு ஆண்ட்ரோமேடாவின் கதையையே பதிலாகச் சொன்னேன்.

1923 அக்டோபர் 5, 6 தேதிகளுக்கு இடைப்பட்ட இரவில், கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன் மலையில் 100 அங்குலத் தொலைநோக்கியால் எட்வின் ஹப்பிள் ஆண்ட்ரோமேடாவைப் படம் பிடித்தார். திடீரென வெடித்து ஒளிரும் நோவா என்று முதலில் நினைத்து ஒரு புள்ளிக்குக் குறியிட்டவர், பழைய படங்களோடு ஒப்பிட்டபின் அதை அடித்துவிட்டு, மாறும் விண்மீன் என்று ஆச்சரியக் குறியோடு எழுதினார். அதன் துடிப்புக் காலம் 31.4 நாள். காலம் தெரிந்தது, உண்மை ஒளி தெரிந்தது, தூரமும் வந்தது. அவர் வெளியிட்ட தூரம் சுமார் 9.3 லட்சம் ஒளியாண்டு. ஆண்ட்ரோமேடா நம் பால்வெளிக்கு வெளியே இருக்கும் தனி கேலக்ஸி என்பதை நிறுவ அது போதுமாக இருந்தது. அந்த முடிவு இன்றும் நிற்கிறது. எண் நிற்கவில்லை, உண்மைத் தூரம் அதைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல்.

ஹப்பிளின் படத்திலும் அவர் அளந்த காலத்திலும் தவறு இல்லை. அளவுகோலில் எண் தப்பாகப் பொறிக்கப்பட்டிருந்தது. செபீடுகளின் உண்மை ஒளியை ஹார்லோ ஷேப்லி நிர்ணயித்தபோது, பழைய விண்மீன்கள் செறிந்த கோளக் கொத்துகளில் துடிக்கும் விண்மீன்களையும் செபீடுகள் என்றே சேர்த்துக்கொண்டார். அவை செபீடைப் போலவே நாள்கணக்கில் துடிக்கும். ஒளிவளைவும் பார்ப்பதற்கு அதே சாயல். ஆனால் அவை வயது முதிர்ந்த, எடை குறைந்த வேறொரு குலம். கன்னி விண்மீன் குழுவில் இருக்கும் ஒன்றை வைத்து டபிள்யூ விர்ஜினிஸ் வகை என்று இன்று அழைக்கிறோம். ஒரே துடிப்புக் காலத்துக்கு இந்தப் போலி, உண்மைச் செபீடைவிட ஏறத்தாழ ஒன்றரைத் தரம் மங்கல். நம் பால்வெளியின் செபீடுகளைத் தூசி எவ்வளவு மறைக்கிறது என்பதும் அப்போது கணக்கில் வரவில்லை. இரண்டும் சேர்ந்து, உண்மைச் செபீடுகள் இருப்பதைவிட மங்கலானவை என்ற எண்ணத்தைப் பதித்துவிட்டன. மங்கலானது என்று நம்பிய விண்மீனைப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள்.

இதைப் பிடித்தவர் வால்டர் பாடே. இரண்டாம் உலகப் போரின்போது லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் இருட்டடிப்பில் இருந்த இரவுகளில், அதே 100 அங்குலத் தொலைநோக்கியால் ஆண்ட்ரோமேடாவின் நடுப்பகுதியைத் தனித்தனி விண்மீன்களாகப் பிரித்துப் படம் பிடித்தார். கைகளில் இளநீல விண்மீன்கள், நடுவில் முதிய சிவப்பு விண்மீன்கள் என்று இரண்டு குலங்கள் இருப்பதை 1944இல் எழுதினார். பிறகு பாலோமரில் 200 அங்குலத் தொலைநோக்கி வந்தது. அதைக் கொண்டு ஆண்ட்ரோமேடாவில் ஆர்.ஆர். லைரே விண்மீன்களைத் தேடினார். பழைய தூரம் சரியென்றால் அவை 22.4ஆம் தரத்தில், அந்தத் தொலைநோக்கிக்கு எட்டும் எல்லையில் தெரிய வேண்டும். ஒன்றுகூடத் தெரியவில்லை. அந்த எல்லையில் அவர் கண்டவை முதிய குலத்தின் மிகப் பிரகாசமான சிவப்புப் பூதங்கள் மட்டுமே.

பாடேயின் தர்க்கம் இங்கே மிகச் சுத்தமானது. கோளக் கொத்துகளில் சிவப்புப் பூதங்கள், ஆர்.ஆர். லைரேக்களைவிட ஒன்றரைத் தரம் பிரகாசமாக இருப்பது ஏற்கெனவே தெரிந்த செய்தி. ஆண்ட்ரோமேடாவில் பூதங்கள் 22.4இல் இருக்கின்றன என்றால் ஆர்.ஆர். லைரேக்கள் 23.9 அளவில், கண்ணுக்கு எட்டாமல் கிடக்க வேண்டும். கேலக்ஸி நினைத்ததைவிட ஒன்றரைத் தரம் தள்ளியிருக்கிறது. ஒன்றரைத் தரம் என்றால் தூரம் இரு மடங்கு. ஆர்.ஆர். லைரேயின் ஒளி பெரும்பாலும் சரியாகவே அளக்கப்பட்டிருந்ததால், குற்றம் செபீடின் அளவுகோலில்தான். 1952இல் ரோம் நகரில் நடந்த பன்னாட்டு வானியல் சங்கக் கூட்டத்தில் இதை அறிவித்தார். அதே கூட்டத்தில், தென்னாப்பிரிக்காவிலிருந்து டேவிட் தாக்கரே சிறிய மகெல்லன் மேகத்தின் கொத்து ஒன்றில் ஆர்.ஆர். லைரேக்களை நேராகவே கண்டு, அவை எதிர்பார்த்ததைவிட அந்த அளவு மங்கலாக இருப்பதை உறுதிசெய்தார். ஆண்ட்ரோமேடாவோடு, செபீடை நம்பி அளந்த பிற கேலக்ஸிகள் எல்லாம் இரு மடங்கு தள்ளிப்போயின.

தெரிய வேண்டிய இடத்தில் ஒரு விண்மீன் தெரியாமல் போனது, தெரிந்த விண்மீனின் பொய்யைக் காட்டிக்கொடுத்தது. இரண்டாவது வகையைச் சாட்சியாக வைக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் இதுதான். ஒரே அளவுகோலால் நூறு முறை அளந்தாலும் அதில் பொறித்திருக்கும் தவறு நூறு முறையும் அப்படியே வரும். சராசரி எடுத்து அதைப் போக்க முடியாது.

நம் கணக்கிலும் போலி நுழையலாம். தடுப்பதற்கு இரண்டு வழிகள் போதும். ஒன்று, விண்மீன் எங்கே இருக்கிறது என்று பார்ப்பது. கேலக்ஸியின் கைகளில் இளநீல விண்மீன்களுக்கு நடுவே இருந்தால் உண்மைச் செபீடாக இருக்க வாய்ப்பு அதிகம், விளிம்பைத் தாண்டிய ஒளிவட்டத்தில் இருந்தால் சந்தேகிக்க வேண்டும். மற்றொன்று, காலத்தையும் W எண்ணையும் ஒரே வரைபடத்தில் குறிப்பது. உண்மைச் செபீடுகள் ஒரு கோட்டில் நிற்கும். போலிகள் அதற்குக் கீழே தனிக்கோடு போடும். ஒரே ஒரு விண்மீனை மட்டும் எடுத்தால் இந்தச் சோதனை கிடையாது. எனவே ஒற்றைச் செபீடை வைத்துத் தூரம் சொல்லும் யோசனைக்கு நான் ஒப்பமாட்டேன்.

ஆர்.ஆர். லைரே: எளிமையும் அதன் விலையும்

ஆர்.ஆர். லைரே விண்மீன்கள் ஒரு நாளுக்குள் துடித்து முடிப்பவை. அந்தப் பெயருக்குரிய விண்மீன் 0.567 நாளில், சுமார் பதின்மூன்றரை மணி நேரத்தில், ஒரு சுற்றை முடிக்கிறது. இவை ஆயிரம் கோடி ஆண்டுக்கும் மேல் வயதானவை. காட்சி ஒளியில் இவற்றின் உண்மை ஒளி கிட்டத்தட்ட ஒரே அளவு; 10 பார்செக், அதாவது 32.6 ஒளியாண்டு தூரத்தில் வைத்தால் தெரியும் தனி ஒளித்தரம் 0.6ஐ ஒட்டி. இரும்பு போன்ற கனத் தனிமங்கள் கூடினால் சற்று மங்கும், குறைந்தால் சற்று ஒளிரும். காலத்தையும் ஒளியையும் இணைக்கும் கோடு காட்சி ஒளியில் தேவையே இல்லை, ஆர்.ஆர். லைரே என்று அடையாளம் கண்டாலே உண்மை ஒளி தெரிந்துவிடும். எளிமை என்று நண்பர்கள் சொல்வது இதைத்தான். பழைய விண்மீன் இல்லாத கேலக்ஸி அரிது என்பதால் எங்கும் கிடைக்கும். கூட்டம் குறைந்த ஒளிவட்டத்தில் இருப்பதால் தூசியும் நெரிசலும் குறைவு.

அதற்குக் கொடுக்கும் விலை, ஒளி. மகெல்லன் மேகத்தில் பத்து நாள் செபீடு 14.7ஆம் தரம் என்றேன். அதே மேகத்தில் ஆர்.ஆர். லைரே 19ஆம் தரத்தையும் தாண்டி மங்கல். நான்கரைத் தர வேறுபாடு, ஒளியில் அறுபது மடங்கு. ஒரே தொலைநோக்கியில் செபீடை எட்டு மடங்கு தூரம் வரை பார்க்கலாம் என்று இதற்குப் பொருள். பக்கத்து கேலக்ஸிகளோடு ஆர்.ஆர். லைரேயின் வேலை முடிந்துவிடுகிறது. ஆண்ட்ரோமேடாவில் அவை 25ஆம் தரத்துக்கும் கீழே இருக்கின்றன. பாடேயின் தொலைநோக்கி அவற்றைக் காணாததில் வியப்பில்லை. ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி ஆண்ட்ரோமேடாவின் ஒளிவட்டத்தில் அவற்றைப் பிடித்து, 2004இல் வெளியான ஆய்வில் தோற்ற ஒளிக்கும் உண்மை ஒளிக்கும் இடையிலான வேறுபாடு 24.5 தரம் என்றும், பிழை 0.1 தரம் என்றும் சொன்னார்கள். செபீடு வழியாக வந்த 24.8 லட்சம் ஒளியாண்டை இந்த முறையில் எழுதினால் 24.4 தரம். பிழைக்குள் இரண்டும் ஒத்துப்போகின்றன. இளம் குலமும் முதிய குலமும் தனித்தனியே கொடுத்த வாக்குமூலம் ஒன்றாக இருக்கிறது. எனக்கு இந்த இடத்தில்தான் மனம் நிறைகிறது.

ஆர்.ஆர். லைரேயை நாமே அளக்க முயன்றால் வரும் ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். தினமும் இரவு ஒன்பது மணிக்கு மட்டும் 0.567 நாள் விண்மீனைப் பார்த்தால், அது 1.31 நாளில் துடிப்பதைப் போன்ற ஒளிவளைவு கிடைக்கும். நாளுக்கு 1.76 சுற்று என்பதில் ஒரு முழுச் சுற்றை நாம் பார்க்கும் இடைவெளி விழுங்கிவிடுகிறது; மிச்சம் 0.76 சுற்றுதான் நமக்குத் தெரிகிறது. ஒரே இரவில் தொடர்ந்து சில மணி நேரம் பார்த்தால் பொய் வெளிப்பட்டுவிடும். உண்மைக் காலம் 0.567 என்றால் ஒளி ஏறும் பகுதி ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் கண்ணெதிரே நடக்கும், 1.31 என்ற காலத்துக்கு அவ்வளவு விரைவான ஏற்றம் பொருந்தாது.

மீரா: நமக்கு இப்போது வேண்டாம்

மீரா வகை, சூரியனைப் போன்ற விண்மீன்கள் முதுமையின் கடைசியில் உப்பிச் சிவந்து நிற்கும் நிலை. திமிங்கல விண்மீன் குழுவில் இருக்கும் மீரா 332 நாளில் ஒரு முறை துடிக்கிறது. அகச்சிவப்பில் மீராக்களுக்கும் காலம்–ஒளிக் கோடு இருப்பது 1981இல் மகெல்லன் மேகத்தில் தெரிந்தது. அகச்சிவப்பில் அவை செபீடுகளோடு போட்டியிடும் அளவு ஒளிர்கின்றன. எல்லா வகைக் கேலக்ஸியிலும் கிடைக்கின்றன. என்.ஜி.சி. 1559 என்ற கேலக்ஸியில் மீராக்களைக் கொண்டு தூரம் அளந்து, அங்கு வெடித்த சூப்பர்நோவாவோடு இணைத்து 2020இல் வெளியிட்ட ஆய்வு, பிரபஞ்சம் விரியும் வேகத்துக்கு, பத்து லட்சம் பார்செக் தூரத்துக்கு நொடிக்கு 73.3 கிலோமீட்டர் என்ற எண்ணைத் தந்தது. செபீடு வழியில் வரும் 73ஐ அது ஒட்டியிருக்கிறது. பிழை இன்னும் பெரிது. வருங்காலத்தில் செபீடுக்கு உண்மையான மாற்று மீராதான் என்று நானும் நம்புகிறேன்.

ஆனாலும் நம் வேலைக்கு அது சரிவராது. காட்சி ஒளியில் மீராவின் கோடு கலைந்து கிடக்கும்; அகச்சிவப்புக் கருவி வேண்டும். ஆக்சிஜன் மிகுந்த மீராவையும் கார்பன் மிகுந்த மீராவையும் பிரிக்க வேண்டும், ஏனெனில் கார்பன் வகை தன்னைச் சுற்றியே தூசியை உண்டாக்கி மங்கிப்போகிறது. 400 நாளைத் தாண்டிய மீராக்களில் சில கோட்டைவிட்டு மேலே போய்விடும். ஒரு சுற்றைப் பார்க்கவே ஓர் ஆண்டு வேண்டும். அதில் சில மாதம் விண்மீன் சூரியனுக்குப் பின்னால் இருக்கும், நம் ஊரில் மேலும் சில மாதம் மழைமேகம். மூன்றாண்டுப் படிப்பில் சேர்ந்த மாணவருக்கு இரண்டு சுற்று கிடைத்தால் பெரிது.

குப்பத்து வானத்தில் எது நடக்கும்

ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகமும் அதன் 2.34 மீட்டர் தொலைநோக்கியும் நமக்குப் பக்கம்தான். நம் கையில் இருப்பது எட்டு அங்குலத் தொலைநோக்கியும் ஒரு கேமராவும். அளவுகோலின் தொடக்கமான பெரிய மகெல்லன் மேகம், குப்பத்திலிருந்து பார்த்தால் உச்சத்தில்கூடத் தென் தொடுவானத்துக்கு மேல் ஏழெட்டு பாகைதான் ஏறும். அந்த உயரத்தில் மலையும், கிரானைட் குவாரிகளின் தூசியும், அடர்ந்த காற்றும் சேர்ந்து எந்த ஒளி அளவையும் கெடுத்துவிடும். ஆண்ட்ரோமேடா நன்றாக உயரும். ஆனால் மாலையிலேயே அது உச்சிக்கு வருவது வடகிழக்குப் பருவமழை மாதமான நவம்பரில். மேகம் விலகும் ஜனவரியில் அது மேற்கே சாயத் தொடங்கியிருக்கும். ஹப்பிள் கண்ட செபீடு அதிக ஒளியில்கூட 18ஆம் தரத்துக்குக் கீழே. 2010இல் அந்த விண்மீனைத் தொழில்முறை அல்லாத வானியலாளர்கள் உலகின் வேறிடங்களிலிருந்து அளந்து, ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி எப்போது படம் பிடிக்கலாம் என்று கணித்துக் கொடுத்தது உண்மை. அவர்களுக்கு இருந்த இருட்டும் தெளிவான இரவுகளும் நமக்கு இல்லை.

எனவே வேலையை இரண்டாகப் பிரிக்கலாம் என்பது என் யோசனை. துடிப்பைக் கண்ணால் கற்பதற்கு மிதுன விண்மீன் குழுவில் இருக்கும் ஜீட்டா ஜெமினோரத்தை எடுத்துக்கொள்வோம். அது வெறுங்கண்ணுக்குத் தெரியும் உண்மைச் செபீடு. துடிப்புக் காலம் 10.15 நாள், ஒளி 3.6ஆம் தரத்துக்கும் 4.2ஆம் தரத்துக்கும் இடையே ஏறி இறங்குகிறது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை, நம் ஊரில் வானம் சுத்தமாக இருக்கும் மாதங்களில், மாலையிலேயே உயரத்தில் நிற்கிறது. எட்டு அங்குலம்கூட வேண்டாம். கேமராவின் சிறு லென்ஸ் போதும், பக்கத்தில் மாறாத விண்மீன்களோடு ஒப்பிட்டு ஒளியைக் குறித்து வரலாம். டெல்டா செபீயும் வெறுங்கண்ணுக்குத் தெரியும் செபீடுதான். குலத்துக்கே பெயர் கொடுத்தது அது. ஆனால் வடக்கே தாழ்ந்திருப்பதாலும் நல்ல மாதங்கள் மழையில் போவதாலும் அதை நான் பரிந்துரைக்கவில்லை.

தூரத்தைக் கணக்கிடும் பகுதிக்கு, மகெல்லன் மேகச் செபீடுகளை ஓகில் பட்டியலிலிருந்தும், ஆண்ட்ரோமேடாச் செபீடுகளை வெளியான அளவீடுகளிலிருந்தும் எடுத்துக்கொள்வோம். இரண்டு கேலக்ஸியின் கோட்டையும் ஒரே தாளில் வரைவோம். சாய்வு ஒன்றாக இருக்க வேண்டும், இடைவெளி ஏறத்தாழ 5.9 தரம் வர வேண்டும். பத்து நாளுக்குக் குறைந்த செபீடுகளைத் தனியாகவும் கூடியவற்றைத் தனியாகவும் வைத்து இடைவெளியைக் கண்டு, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கத்தில் மட்டும் இடைவெளி மாறினால், அங்கே போலியோ நெரிசலோ கலந்திருக்கிறது. அதன்பிறகு ஆர்.ஆர். லைரே தரும் 24.5 என்ற எண்ணைப் பக்கத்தில் எழுதுவோம். செபீடின் விடை அதிலிருந்து 0.2 தரத்துக்கு மேல் விலகினால், தூரத்தை அறிவிக்காமல் வரைபடத்தில் கோட்டுக்குக் கீழே நிற்கும் புள்ளிகளை ஒவ்வொன்றாக மறுபடி ஆராய வேண்டியிருக்கும்.